ரேஷன் அட்டைப் பெயர்களைக் கூட்டினால் மக்கள்தொகை வருமா?

“தண்டையார்பேட்டையில எங்க வார்டு ரேஷன் அட்டைப் பெயர்களைக் கூட்டினா மக்கள்தொகை வந்துடாதா? டென்மார்க்ல அப்படித்தானே எண்ணுறாங்க?”

வராது. டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் நகராட்சியிடம் சொல்லியாக வேண்டும். அந்த எண்ணை வைத்து வேலை, வரி, படிப்புப் பதிவுகளை இணைத்துத்தான் 1981-இல் வீடு வீடாகப் போகாமலே கணக்கெடுப்பை முடித்தார்கள். நம் அட்டை அரிசி, பருப்பு வாங்குவதற்கானது. குடிபெயர்ந்த அன்றே முகவரியை மாற்ற யாருக்கும் அவசரமில்லை.

உங்கள் கூட்டல் பிசகுவது பெரும்பாலும் போனவர்களால்தான். பெரும்பாக்கத்துக்குக் குடியேறியவரின் பெயர் பழைய தெருவிலேயே நிற்கும். எஸ்தோனியாவுக்கும் இதே தலைவலி, வெளிநாடு போனவர்கள் சொல்லாமலே போய்விடுவார்கள். அதனால் 2021 கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘வசிப்புக் குறியீடு’ போட்டார்கள். வேலை, மருந்துச் சீட்டு, படிப்பு என்று பதிவுகளில் தடயம் இருந்தால் அது ஏறும். தடயமே இல்லையென்றால் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போனவரை நாட்டில் வசிப்பவராக எண்ணவில்லை. எனக்கு இது மிக நேர்மையான வழியாகப் படுகிறது.

ஒரு சோதனை: ஒரே தெருவில் இருபது வீடு எடுங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு, அட்டையில் இருந்தும் இங்கே இல்லாதவர்களையும், இங்கே இருந்தும் அட்டையில் இல்லாதவர்களையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கழித்து ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள், பிழை மறைந்துவிடும்.

அப்புறம், எஸ்தோனியாவின் அந்தக் குறியீட்டிலும் ஆள் நாட்டில் இருக்கிறாரா என்பதுதான் தெரியும். எந்தத் தெருவில் என்பது பெரும்பாலும் அவர் பதிந்த முகவரியைப் பொறுத்தது; வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் அது தவறலாம்.