ஆயிரத்தில் ஏழு நியூட்ரான்

அன்புள்ள ஐயா,

அணு உலையில் பிறக்கும் நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறு, ஏழு மட்டும்தான் தாமதமாக வருகின்றன, அவற்றால்தான் உலையைக் கட்டுப்படுத்த முடிகிறது என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். மீதி 993 கண்ணிமைப்பதற்குள் வந்துவிடுகின்றனவே? பெரும்பான்மை ஓடும்போது, பின்தங்கிய ஏழு பேர் எப்படி வேகத்தைத் தீர்மானிக்க முடியும்?

கவிதா

அன்புள்ள கவிதா,

எல்லா நியூட்ரான்களின் காத்திருப்பு நேரத்துக்கும் சராசரி போட்டு விளக்குவதுதான் பாடநூல் வழக்கம். அது தவறில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதிலாகாது. நாம் கணக்கை வேறு பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்த ஏழு எங்கிருந்து வருகின்றன? யுரேனியம்-235 பிளக்கும்போது இரண்டு துண்டுகளாகிறது. சில சமயம் அதில் ஒரு துண்டு புரோமின்-87. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், ஏறத்தாழ 55 விநாடி. அது பீட்டா சிதைவுக்கு உட்பட்டு கிரிப்டான்-87 ஆகும்போது, சில முறை அந்தக் கிரிப்டானிடம் தாங்க முடியாத அளவு ஆற்றல் இருக்கும். உடனே ஒரு நியூட்ரானைத் துப்பிவிடும். காத்திருப்பு முழுக்க புரோமினுடையது. இப்படிப்பட்ட துண்டுகள் பல உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரிக் காத்திருப்பு சுமார் 13 விநாடி.

இப்போது சீராக ஓடும் ஓர் உலை. ஒரு பிளவில் பிறந்த நியூட்ரான் அடுத்த பிளவை உண்டாக்குவது வரை ஒரு தலைமுறை. ஒரு தலைமுறையில் 1000 பிளவு, அடுத்ததிலும் 1000. தாமதமானவற்றைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். அடுத்த தலைமுறையில் 993 பிளவு, அதற்கடுத்து 987. சாதாரண நீர் உலையில் ஒரு தலைமுறை என்பது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு விநாடிக்குள் ஆயிரம் பிளவு ஒன்றிரண்டாகிவிடும். ஆக, அந்த 993-ஆல் தாமாக உயிரோடு இருக்க முடியாது. அவை ஓடுவதெல்லாம் அணைவதை நோக்கித்தான்.

தாமதப் பங்கை ஆயிரத்துக்கு 6.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாமத நியூட்ரான் வந்து ஒரு பிளவை உண்டாக்கினால், அதன் உடனடி வாரிசுகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 154 பிளவுகள். அதோடு அந்தக் குடும்பம் முடிந்தது. அந்த 154 பிளவுகளும் சராசரியாக ஒரே ஒரு விதையை விட்டுச்செல்கின்றன. அது 13 விநாடி போலக் காத்திருந்து அடுத்த குடும்பத்தைத் தொடங்கும். உலையின் உண்மையான தலைமுறை இதுதான்.

சரி, நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கழியைக் கொஞ்சம் மேலே இழுக்கிறோம். 1000 பிளவுக்கு 1001 என்று ஆகிறது. தாமதம் என்பதே இல்லையென்றால், ஒரு விநாடியில் பத்தாயிரம் தலைமுறை ஓடி, திறன் 22,000 மடங்காகியிருக்கும். எந்த மோட்டாரும் எந்த மனிதரும் அதற்குள் கழியை இறக்க முடியாது. ஆனால் உண்மையில் என்ன நடக்கிறது? குடும்பத்தின் அளவு 154-இலிருந்து 182 ஆகிறது. திறன் உடனே 18 சதவீதம் போலத் துள்ளி, அங்கே நின்றுவிடுகிறது. அப்புறம் மெதுவாக ஏறுகிறது. இரட்டிப்பாக முக்கால் நிமிடத்தை ஒட்டி ஆகும். அளவுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே கழியைத் திருப்பி இறக்க அவ்வளவு நேரம் தாராளம்.

எல்லையும் இதே கணக்கில் இருக்கிறது. கழியை இன்னும் இழுக்க இழுக்கக் குடும்பம் பெரிதாகும். உபரி, தாமதப் பங்கான ஆயிரத்துக்கு 6.5-ஐத் தொட்டால் குடும்பத்துக்கு முடிவே இல்லை. உடனடி நியூட்ரான்களே போதும், தாமதமானவற்றுக்காக உலை காத்திருக்காது.

இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோவில் எஸ்.எல்.-1 என்ற சிறிய ராணுவ உலை. வெப்பத் திறன் 3 மெகாவாட்தான். 1961 ஜனவரி 3 இரவு, நிறுத்தி வைத்திருந்த உலையில் மூன்று பேர் கழிகளின் இயக்கிகளைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். நடுக்கழியைக் கையால் 4 அங்குலம் போலத் தூக்க வேண்டும். அது ஏறத்தாழ 20 அங்குலம் மேலே வந்துவிட்டது. ஏன் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. சில மில்லி விநாடிகளில் திறன் 20,000 மெகாவாட் அளவுக்குப் போனது. எரிபொருள் உருகிச் சிதற, நீர் ஆவியாகி மேலே மோத, உலைக் கலம் முழுவதுமே 9 அடி எகிறியது. மூவரும் இறந்தார்கள். தூக்கிய கை எந்த எச்சரிக்கையையும் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. என் பார்வையில் பெரிய தவறு அந்தக் கையில் இல்லை. ஒரே ஒரு கழியை வெளியே எடுத்தால் எல்லையைத் தாண்டும்படி உலையை வடிவமைத்ததில்தான் இருக்கிறது.

புளூட்டோனியம்-239-இல் தாமத நியூட்ரான்களின் பங்கு ஆயிரத்துக்கு இரண்டுதான். அதனால் புளூட்டோனியம் உலைகளில் எல்லை இன்னும் அருகில் இருக்கும்.

தாமதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், உலையை நிறுத்தும்போது கட்டுப்பாட்டு அறையில் நியூட்ரான் அளவுமானியைக் கவனிக்க வேண்டும். கழிகள் விழுந்ததும் முள் சடாரென்று சில சதவீதத்துக்கு இறங்கும். அப்புறம் அவசரப்படாது. ஓரிரு நிமிடம் போனபின், ஏறத்தாழ 55 விநாடிக்கு ஒருமுறை பாதியாகும். கூடுதலாக எத்தனை கழியை இறக்கினாலும் அதைவிட வேகமாக இறங்காது. அந்த 55 விநாடி, புரோமின்-87-இன் அரை ஆயுள்.