முந்தியவர் காய் வெளியேற்றும்போது எதைப் பார்க்க வேண்டும்?

“பேக்கேமனில் பிப் எண்ணிக்கையில் வெகுவாக முந்தியிருந்தும், காய்களை வெளியேற்றும்போது ஒற்றையாய் நின்ற காய் வெட்டுப்பட்டுத் தோற்றுவிடுகிறேன். வேகமாக வெளியேற்றுவதா, பாதுகாப்பாக ஆடுவதா?”
— வாசகர், காட்பாடி, வேலூர் மாவட்டம்

முதலில் எதிராளியின் காய் ஏதேனும் உங்கள் காய்களுக்குப் பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் முற்றிலும் கடந்துவிட்டால் அது வெறும் பந்தயம். வெட்டே கிடையாது, எனவே முடிந்தவரை காய்களை வெளியேற்றலாம். எதிராளி காத்திருக்கும்வரை, பிப் எண்ணிக்கை, அதாவது எல்லாக் காய்களும் வெளியேற இன்னும் கடக்க வேண்டிய புள்ளிகளின் மொத்தம், உங்களுக்கு அவசரம் உண்டா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும்.

ஓர் உதாரணம். உங்கள் வீட்டில், அதாவது காய்களை வெளியேற்றும் கடைசி ஆறு புள்ளிகளில், 5, 4, 3 ஆகிய புள்ளிகளில் இரண்டிரண்டு காய்களும் 2-ஆம் புள்ளியில் மூன்று காய்களும் உள்ளன. ஒவ்வொரு காயையும் அது நிற்கும் புள்ளியின் எண்ணால் பெருக்கிக் கூட்டினால் 10+8+6+6, அதாவது 30 பிப். எதிராளியின் இரண்டு காய்கள் உங்கள் 1-ஆம் புள்ளியில் நிற்கின்றன. அவை வெளியேற 24 வீதம் 48 பிப் வேண்டும். தம் வீட்டில் 6 முதல் 2 வரை ஐந்து புள்ளிகளையும் அடைத்திருக்கும் மற்ற 13 காய்களுக்கு 55. ஆக 103-க்கு 30. பந்தயத்தில் உங்களுக்கு எந்த நெருக்கடியும் இல்லை.

பகடையில் 3-2 விழுகிறது. 3-ஆம் புள்ளியிலிருந்து ஒன்றும் 2-ஆம் புள்ளியிலிருந்து ஒன்றுமாக இரண்டு காய்களை வெளியேற்றத்தான் கை துடிக்கும். அப்படிச் செய்தால் 3-ஆம் புள்ளியில் ஒற்றைக் காய் நிற்கும். எதிராளிக்கு எந்தப் பகடையிலாவது 2 விழுந்தால் போதும், வெட்டுதான். 36 வீச்சுகளில் 11 அப்படிப்பட்டவை. வெட்டுப்பட்ட காய் மறுபடி நுழைய அவர் வீட்டில் திறந்திருப்பது 1-ஆம் புள்ளி மட்டுமே, ஆகவே 1 விழும்வரை நீங்கள் நகரவே முடியாது. தாயத்தில் வெட்டுப்பட்ட காய் தாயம் விழக் காத்திருப்பது போன்ற நிலைதான் அது.

மாறாக, 5-ஆம் புள்ளியின் இரு காய்களையும் இறக்குங்கள்: ஒன்று 2-க்கு, மற்றொன்று 3-க்கு. இப்போது 4-இல் இரண்டு, 3-இல் மூன்று, 2-இல் நான்கு. ஒற்றைக் காய் இல்லை. எப்படி ஆடினாலும் மீதி 25 பிப்தான், இரண்டு காய்கள் மட்டும் கூடுதலாகப் பலகையில் இருக்கும். 78 பிப் முந்தியிருப்பவருக்கு அது பெரிய விலையல்ல. பின்கோடியில் உள்ள புள்ளியை முதலில் காலி செய்வதே இத்தகைய நிலையில் என் முதல் விதி, ஏனெனில் கடைசிவரை அங்கே விட்ட ஜோடிதான் பெரும்பாலும் பிரிந்து மாட்டிக்கொள்கிறது.

இதற்குப் பிறகும் ஆபத்து தீரவில்லை. அடுத்த வீச்சில் 6-3, 5-3, 4-3, 3-1 அல்லது 6-6, 5-5, 4-4 விழுந்தால், அதாவது 36-இல் 11 முறை, ஒற்றைக் காய் தவிர்க்க முடியாது. ஆனால் அதற்குள் எதிராளி தம் ஜோடியைப் பிரித்து ஓட நேரலாம்.

இரட்டைத் தோல்வி தரும் கேமன் கணக்கில் இருந்தால் முடிவு அவ்வளவு எளிதல்ல. எதிராளி இன்னும் ஒரு காயும் வெளியேற்றாத நிலையில் ஒரு முறை முந்துவதே இரு மடங்கு வெற்றியைத் தரக்கூடும். அங்கே வெட்டுப்படும் ஆபத்தை அந்த லாபத்தோடு வைத்து எடைபோட வேண்டும்.