பெயர் வராத பன்னிரண்டு அறைகள்

கேள்வி: மே மாதம் ஏற்காட்டில் செஸ் போட்டி நடத்தினோம். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு ஓட்டலில் 30 அறை, 2 இரவு, அறைக்கு ஓர் இரவு 3,000 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, 60,000 அட்வான்ஸ் கொடுத்தோம். பெயர் கொடுக்கக் கடைசி நாளான ரிலீஸ் தேதி ஏப்ரல் 20. அன்று 18 அறைக்குத்தான், எந்த அறையில் யார் என்ற ரூமிங் லிஸ்ட் அனுப்ப முடிந்தது. ‘பாக்கிப் பெயர்கள் ரெண்டு நாளில்’ என்று வாட்ஸ்அப் போட்டேன், பெயர் வரவேயில்லை. இப்போது 30 அறைக்கும் பணம் கேட்டு வக்கீல் நோட்டீஸ். காலி அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விட்டார்களாம். மேனேஜர் பெற்றோர் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – சங்கச் செயலாளர், சேலம்

பதில்: மேனேஜர் பேசியதை விடுங்கள், அதில் காசு தேறாது. நுகர்வோர் வழக்கும் இப்போது வேண்டாம். ஒப்பந்தத்தில் ரிலீஸ் தேதி பற்றிய வரியைப் படியுங்கள். ‘பெயர் வராத அறைகளை ஓட்டல் திரும்ப எடுத்துக்கொள்ளும்’ என்றிருந்தால் 20ஆம் தேதியோடு அந்த 12 அறையும் உங்கள் தலையிலிருந்து இறங்கிவிட்டன. ‘அதன்பின் உறுதியான புக்கிங்காகக் கருதப்படும்’ என்றிருந்தால் அவை உங்கள் பொறுப்பு.

முதல் வகையாக இருந்தாலும் உங்கள் வாட்ஸ்அப் காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறது. அமைப்பாளர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ‘பாக்கிப் பெயர்கள் ரெண்டு நாளில்’ என்றால், அறைகளை விடாதீர்கள் என்று நீங்களே கேட்டதாகிறது. ஓட்டல் ‘சரி சார்’ என்று பதில் போட்டிருந்தால் உங்கள் பேச்சை நம்பி அறைகளைப் பிடித்துவைத்தோம் என்பார்கள். பதிலே இல்லையென்றால், அந்த மௌனத்தைச் சம்மதமாக்க முடியாது என்று வாதாட இடமிருக்கிறது. ‘18 உறுதி, 12 அறையை இன்றே விடுகிறோம், பிறகு பெயர் வந்தால் காலியிருப்பதைப் பார்த்துக் கேட்கிறோம்’ என்று போட்டிருக்க வேண்டும். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ‘கொஞ்சம் பொறுங்கள், தந்துவிடுகிறோம்’ என்று இனி ஒரு வரிகூட எழுதாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

டூரிஸ்ட்டுகளுக்கு விட்ட சங்கதி உங்கள் கோபத்துக்கு அல்ல, கணக்குக்குப் பயன்படும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். விற்றுப்போன அறைக்கு உங்களிடமும் வாங்க முடியாது. பதில் நோட்டீஸில் அந்த 2 இரவுக்கான தங்குவோர் பதிவேட்டைக் கேளுங்கள். மே சீசனில் மலைமேல் 12 அறையும் காலியாகக் கிடந்தன என்று காட்டுவது அவர்களுக்கு லேசல்ல. பதிவேடு வந்ததும் போட்டியாளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சில பெற்றோர் ஆப்பில் விலை குறைவு என்று அதே ஓட்டலில் தாங்களே அறை போட்டிருப்பார்கள். அந்த அறைகளையும் கழிக்கச் சொல்லலாம்.

18 அறைக்கு 1,08,000. அட்வான்ஸ் போக 48,000. இதில் தகராறே இல்லை. ‘18 அறைக்கான முழுப் பாக்கி’ என்று குறித்து வங்கி வழியாக இப்போதே அனுப்புங்கள். மிச்சம் 72,000 மட்டும்தான் வழக்கு. பதிவேட்டில் 7 அறை டூரிஸ்ட்டுகளுக்கும் 3 அறை போட்டியாளர்களின் பெற்றோருக்கும் போயிருந்தால், நிஜமாகக் காலி 2 அறை, அதாவது 12,000. அந்த நிலை வந்தால் பேசி முடியுங்கள். வாய்தாவுக்கு அலைய அதைவிடக் கூட ஆகும். பணம் கொடுக்கும்போதே ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதத்தில் ஓட்டலின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதத்தில் சங்கத்தின் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கட்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே.