பிரச்சினை இருக்கிறது என்கிறார், ஆனால் வாங்க மாட்டேன் என்கிறார்: விற்பனைக் கேள்வி-பதில்

கேள்வி: கிடங்குகளுக்கு லேபிள் பிரிண்டர் விற்கிறேன். பழைய பிரிண்டரில் அடிக்கடி லேபிள் சிக்கிக்கொள்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் விலையைச் சொன்னதும், "இதற்கு இவ்வளவா? சமாளித்துக்கொள்கிறோம்" என்று முடித்துவிடுகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன்?

அவர் "சிக்கிக்கொள்கிறது" என்று சொன்ன உடனே உங்கள் பிரிண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் தராசின் ஒரு தட்டில் உங்கள் விலை முழுதாக ஏறிவிட்டது. இன்னொரு தட்டில் இருப்பதோ, அவ்வப்போது வரும் ஒரு எரிச்சல் மட்டும். அது அவருக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்று அவரே இன்னும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

விற்பனை ஆய்வாளர் நீல் ராக்கமும் அவருடைய குழுவும் 12 ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து, கேள்விகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: நிலைமை, சிக்கல், விளைவு, பலன். நீங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறீர்கள். உங்கள் தொழிலிலேயே ஒரு உரையாடலை வைத்து மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

எத்தனை பிரிண்டர், எத்தனை ஷிப்ட் என்பது நிலைமைக் கேள்வி. ஒரு பிரிண்டர், 2 ஷிப்ட் என்கிறார். எவ்வளவு அடிக்கடி சிக்குகிறது என்பது சிக்கல் கேள்வி. ஷிப்டுக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் என்கிறார். இங்கே கொட்டேஷனை எடுக்காதீர்கள். "அந்த 10 நிமிடம் பேக்கிங் ஆட்கள் என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். இது விளைவுக் கேள்வி.

"6 பேர் இருக்கிறார்கள், சும்மாதான் நிற்பார்கள்" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, 2 பேர் பெட்டி மடிப்பார்கள், 4 பேர்தான் நிற்பார்கள்" என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 4 பேர், ஆளுக்கு 30 நிமிடம் என்றால் ஷிப்டுக்கு 2 மணி நேர வேலை, நாளுக்கு 4 மணி நேரம். 25 வேலை நாள் என்றால் மாதம் 100 மணி நேரம். பேப்பரையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, பெருக்கலை அவரையே போடச் சொல்லுங்கள். நீங்கள் போட்ட கணக்கை அவர் சந்தேகப்படுவார். அவர் கையால் எழுதிய 100-ஐ அவராலேயே மறுக்க முடியாது.

அடுத்து, "லேபிள் ஒட்டாத பெட்டிகள் லாரி கிளம்புவதற்குள் ஏறிவிடுமா?" என்று கேளுங்கள். சில நாள் ஏறாது என்றால், அந்தப் பெட்டிகள் என்ன ஆகின்றன, யாருக்கு போன் வருகிறது, அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஓவர்டைம், அவசரக் கூரியர், கையால் எழுதிய முகவரியால் மாறிப்போன பார்சல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாமே அவருக்கு முன்பே தெரிந்தவைதான். ஆனால் ஓவர்டைம் ஒரு கணக்கில் இருக்கும், கூரியர் இன்னொரு கணக்கில் இருக்கும். இரண்டையும் அந்தப் பிரிண்டரோடு சேர்த்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் பலன் கேள்வி: "மாதத்துக்கு ஒரு தடவைதான் சிக்கும் என்றால், மாற்றம் உங்களுக்கு முதலில் எங்கே தெரியும்?" அதற்கு அவர் சொல்லும் பதிலை வார்த்தை மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் இல்லாத அறையில் தன் முதலாளியிடம் அவர் சொல்லப்போவது அதைத்தான்.

கேள்வி: நிறையக் கேள்வி கேட்டால் வாடிக்கையாளர் எரிச்சலாகிறார். "நீங்கள் என்ன விசாரணைக்கு வந்திருக்கிறீர்களா?" என்றே ஒருவர் கேட்டுவிட்டார்.

நீங்கள் கேட்டதில் பெரும்பாலும் நிலைமைக் கேள்விகளாக இருந்திருக்கும். அவற்றால் பயன் உங்களுக்குத்தான், அவருக்கு ஒன்றுமில்லை. எத்தனை கிளை, எத்தனை ஆள், என்ன தொழில் என்பதையெல்லாம் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நேரில் மூன்று, நான்கு போதும், அதுவும் அடுத்து ஒரு சிக்கலுக்குக் கொண்டுபோகிறவையாக இருக்கட்டும்.

கேள்வி: விளைவுக் கேள்வி கேட்கும்போது ஆளைப் பயமுறுத்துவது போலத் தோன்றுகிறது. ஒருவர் முகம் வாடி, பேச்சையே மாற்றிவிட்டார். இது சரியா?

உங்கள் தயக்கம் நியாயமானது. எனக்கும் ஒரு தடவை இப்படி ஆனது. ஒரு மேலாளரிடம் பழைய இயந்திரத்தால் வரும் நஷ்டத்தைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். அவர் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. அந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து வாங்கியதே அவர்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அவர் காதில் "நீதான் தப்பு செய்தாய்" என்றுதான் விழுந்திருக்கிறது.

அதிலிருந்து இரண்டு விஷயங்களைக் கடைப்பிடிக்கிறேன். முதலாவது, இப்போதிருக்கும் பொருளை யார், எப்போது, எதற்காக வாங்கினார்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவேன். நிலைமைக் கேள்விகளில் இது ஒன்றைத் தவறவிடவே மாட்டேன். "அப்போது 200 பெட்டிதான் போனது, இப்போது 700 போகிறது" என்று அவரே சொல்லிவிட்டால், தப்பு யார் தலையிலும் விழாது. வேலை வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது, என் பொருளால் தீராத சிக்கலின் விளைவைக் கேட்கவே மாட்டேன். பார்சல் தாமதமாவதற்கு லாரி பற்றாக்குறைதான் காரணம் என்றால், அதைக் கிளறி அவர் வலியைக் கூட்டிவிட்டு, பிரிண்டரை நீட்டுவது நேர்மையில்லை. அது விற்பனைக்கும் உதவாது.

முகம் வாடுவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திப் பலன் கேள்விக்குத் திரும்புங்கள். ஆனால் அதற்காக ஆரம்பத்திலேயே "வேகமாக இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். சிக்கலின் அளவு தெரியாமல் பலனைக் கேட்டால், "நல்லதுதான், ஆனால்..." என்று தொடங்கி, வேண்டாம் என்பதற்கான காரணங்களை அவரே அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: நான் விற்பது பிரிண்டருக்கான மை ரிப்பனும் லேபிள் ரோலும். எனக்கும் இந்த நான்கும் வேண்டுமா?

வேண்டாம். ஒருவரே அங்கேயே முடிவெடுக்கக்கூடிய சின்னப் பொருளுக்கு, சிக்கலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாதிரியைக் காட்டினால் போதும். பலர் கூடி முடிவெடுக்கும், பல சந்திப்புகள் இழுக்கும் விற்பனையில்தான் விளைவுக் கேள்விக்கு வேலை வருகிறது. வருடாந்தர ஒப்பந்தம் பேசப் போகும்போது பாருங்கள்.

கேள்வி: பேச்சுவாக்கில் விளைவுக் கேள்வி எனக்கு வாயில் வருவதே இல்லை. சிக்கல் கேள்வியோடு தடுமாறி நின்றுவிடுகிறேன்.

யாருக்கும் அந்த இடத்தில் சட்டென்று வராது. எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒரு தாளின் நடுவில் "லேபிள் சிக்குகிறது" என்று எழுதுங்கள். அதனால் என்ன ஆகும் என்று கேட்டு, வருகிற பதிலைச் சுற்றி எழுதுங்கள்: ஆட்கள் நிற்பார்கள், லாரி தவறும், லேபிள் மாறும். ஒவ்வொன்றின் கீழும் மறுபடி "அதனால்?" என்று கேளுங்கள். அப்படி இரண்டு படி போனால் போதும். பிறகு ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்றுங்கள். "லாரி தவறும்" என்பது "லாரி தவறிய பெட்டிகளை மறுநாள் எப்படி அனுப்புகிறீர்கள்?" என்று ஆகும். தாளில் பத்து இருந்தாலும் நேரில் மூன்றுக்கு மேல் தேவைப்படாது.

கேள்வி: எல்லாம் கேட்டேன். "ஆட்கள் அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்பார்கள், லாரியும் ஒருநாளும் தவறியதில்லை" என்கிறார். இப்போது என்ன செய்வது?

அவர் சொல்வதை நம்புங்கள். அவருக்கு அந்தச் சிக்கல் உண்மையிலேயே மலிவானது, உங்கள் பிரிண்டரின் விலை அதைவிட அதிகம். டிஸ்கவுண்ட் கொடுத்து இழுக்காதீர்கள். "எந்த அளவுக்கு மேல் போனால் இப்படிச் சமாளிக்க முடியாமல் போகும்?" என்று மட்டும் கேட்டு வையுங்கள். மூன்றாவது ஷிப்ட் வந்தால் என்பார், அல்லது நாளுக்கு இத்தனை பெட்டிக்கு மேல் போனால் என்பார். அதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அவர் மூன்றாவது ஷிப்ட் தொடங்கும்போது போன் செய்யுங்கள்.