விறகுக் குவியலில் அசையாத முள்ளெலி: எழுப்பலாமா?

"ஜெர்மனியில் இருக்கிறேன். விறகு எடுக்கும்போது அடியில் ஒரு முள்ளெலி சுருண்டு கிடந்தது. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, மூச்சே தெரியவில்லை. வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைக்கட்டுமா?"

வேண்டாம், அப்படியே விடுங்கள். இறுக்கமாகப் பந்துபோல் சுருண்டிருந்தால் பெரும்பாலும் குளிர்கால உறக்கம்தான். முள்ளை லேசாகத் தொட்டுப் பாருங்கள். உயிர் இருந்தால் மெல்லச் சிலிர்க்கும். மூச்சு நிமிடக்கணக்கில் நின்று நின்று வரும், அதனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வண்டும் புழுவும் கிடைக்காத மாதங்களில் 35 டிகிரி உடம்பை எதைத் தின்று சூடாக வைத்திருப்பது? அதனால் அது சூட்டையே குறைத்துக்கொள்கிறது. உடல் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. நிமிடத்துக்கு 190 தடவை அடித்த இதயம் 20 தடவை அடிக்கிறது. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பு சொட்டுச் சொட்டாகச் செலவாகிறது. உறைபனி அளவுக்குக் குளிர்ந்தால் மட்டும் உடம்பு கொஞ்சம் சூட்டைக் கூட்டி உறைந்துபோகாமல் காத்துக்கொள்ளும்.

விழிப்பதுதான் செலவு. தோள் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்து மறுபடி 35 டிகிரிக்கு வர வேண்டும். இடையிடையே அது தானாகவே விழிக்கும். அந்தச் செலவுக்குக் கொழுப்பு இருக்கிறது. நீங்கள் ஹீட்டர் வைத்து எழுப்பினால் அது கூடுதல் விழிப்பு, வசந்தம் வரை கையிருப்பு தாங்காமல் போகலாம்.

காய்ந்த இலையைப் போட்டு மூடிவிட்டு, விறகை வேறு பக்கத்திலிருந்து எடுங்கள். பகலில் வெளியே தள்ளாடித் திரிந்தாலோ பக்கவாட்டில் துவண்டு கிடந்தாலோ அது உறக்கம் இல்லை. உடனே வனவிலங்கு மீட்பு மையத்தைக் கூப்பிடுங்கள்.