குடித்தனக்காரர் வாடகை தரவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் தருமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு தரைத்தள வீடு. மாதம் 12,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். முன்பு இருந்தவர் மூன்று மாத வாடகை பாக்கி வைத்து, டைல்ஸ், வாஷ்பேசின் எல்லாம் உடைத்துவிட்டுப் போனார். இப்போது ஓர் ஏஜென்ட், “வீட்டுச் சொந்தக்காரருக்கான பாலிசி எடுங்கள், வாடகை நஷ்டமும் குடித்தனக்காரர் செய்யும் சேதமும் வந்துவிடும்” என்கிறார். நம்பி எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் உங்களுக்கு நடந்த அந்த இரண்டுக்காகவும் எடுக்காதீர்கள். வாடகை பாக்கியும் உடைந்த வாஷ்பேசினும் வழக்கமான வீட்டுப் பாலிசிக்குள் வராது. ஏஜென்ட் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். “வாடகை நஷ்டம்” என்ற சொல்லை அவர் ஒரு மாதிரி படிக்கிறார், பாலிசி வேறு மாதிரி படிக்கிறது.

2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. பெரும்பாலும் உங்களிடம் காட்டப்படுவது இதுவாகவோ, இதன்மேல் சில சேர்க்கைகள் வைத்ததாகவோ இருக்கும். இதில் வாடகை நஷ்டம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள். புயல், வெள்ளம், தீ, நிலநடுக்கம் மாதிரி பாலிசி பட்டியலிட்டிருக்கும் ஒன்றால் கட்டடம் சேதமாகியிருக்க வேண்டும். அந்தச் சேதத்தால் வீடு குடியிருக்கவே முடியாததாக ஆகியிருக்க வேண்டும். ஆள் தராமல் போன வாடகையையோ, காலி வீட்டுக்கு ஆள் கிடைக்காத மாதங்களையோ அது கணக்கில் எடுப்பதில்லை.

கடலூருக்கு இது சும்மா ஏட்டுக் கணக்கு இல்லை. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் என்று பார்த்துவிட்டோம். உங்களுடையது தரைத்தளம் வேறு. அதனால் வெள்ளத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வாடகை நஷ்டத்துக்கு ஒரு தொகையும் ஒரு கால அளவும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். கால அளவு அதிகபட்சம் மூன்று வருடம். 12 மாதத்துக்கு 1,44,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் சுவர் ஊறி, வயரிங் கெட்டு, தரை உள்வாங்கிவிட்டது. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். பழுது பார்க்க நியாயமாகத் தேவைப்படும் காலம் இரண்டரை மாதம் என்று முடிவானால், உங்களுக்குக் கிடைப்பது 30,000 ரூபாய். புது ஆள் ஐந்து மாதம் கழித்துத்தான் வந்தார் என்றால் மிச்சம் இரண்டரை மாத வாடகை உங்கள் கணக்கு. மேஸ்திரி வராமல் இழுத்தடித்தாலும் அப்படித்தான்.

இங்கே பலர் செய்யும் தப்பு, பிரீமியம் குறையட்டும் என்று தொகையை மட்டும் குறைப்பது. 12 மாதத்துக்கு 60,000 என்று எழுதினால், மாதத்துக்கு 5,000 என்ற கணக்கில்தான் தருவார்கள். குறைக்க வேண்டுமென்றால் தொகையையும் மாதத்தையும் சேர்த்தே குறையுங்கள். 6 மாதம், 72,000 என்று எழுதினால் மாதம் 12,000 அப்படியே நிற்கும். தரைத்தள வீட்டுப் பழுதுக்கு ஆறு மாதம் போதும் என்பது என் எண்ணம். வாடகையை ஏற்றும்போது இதையும் ஏற்ற மறக்காதீர்கள்.

இன்னொன்று. தண்ணீர் நான்கு நாளில் வடிந்து, குடித்தனக்காரர் ஈரச் சுவரோடு அங்கேயே இருந்துவிட்டார், நீங்களும் மனம் இரங்கி ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்தீர்கள் என்றால் அந்த மாதத்துக்குப் பணம் வராது. வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று கட்டடக்கலைஞரோ மாநகராட்சியோ தரும் சான்றிதழ் வேண்டும். வாடகை வந்ததற்கு ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வரவும் இருக்கட்டும். கையில் ரொக்கமாக வாங்கினால் காட்ட ஒன்றும் இருக்காது.

என் சித்தி வீட்டில் ஒரு வெள்ளத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து, “தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது?” என்று கேட்டார். அதற்குள் சித்தி ஆள் வைத்துச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்திருந்தார். தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டும் பழுப்புக் கோடுதான் சாட்சி. அதன்மேல் ஒரு டேப்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, சர்வேயர் பார்த்த பிறகே சுவரில் கை வையுங்கள்.

அப்புறம், குடித்தனக்காரர் செய்யும் சேதம். பாலிசி முதலில் கேட்பது யார் செய்தார் என்பதை இல்லை, என்ன நடந்தது என்பதைத்தான். அவர் அடுப்பை அணைக்க மறந்து சமையலறை எரிந்தால் தீ விபத்து, பணம் வரும். மோட்டாரை ஓடவிட்டுப் போய்த் தொட்டி வழிந்து கட்டடம் சேதமானால், தொட்டி, குழாய் வெடிப்பதும் வழிவதும் பட்டியலில் இருப்பதால் கேட்கலாம். மாதக்கணக்கில் ஊறும் ஓதம் வராது. ஷார்ட் சர்க்யூட்டில் கெய்சர் கருகினால் அந்தக் கெய்சருக்குக் கிடையாது. அதிலிருந்து தீ பரவிக் கதவும் கூரையும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. அவருடைய டிவி, பீரோ உங்கள் பாலிசியில் வராது. அவர்தான் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தீக்குப் பணம் கொடுத்த நிறுவனம், தப்பு குடித்தனக்காரர் மேல் என்றால் அவரிடம் வசூலிக்க உரிமை உண்டு. அதனால் “உங்கள்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை” என்று அவருக்கு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கீழே விழுந்து உடைந்த வாஷ்பேசின், ஆணி அடித்த சுவர், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போன மின்விசிறி எதற்கும் கிடையாது. திருட்டுகூட, வெள்ளம், தீ போன்ற ஒன்று நடந்து அதன் தொடர்ச்சியாக 7 நாளுக்குள் நடந்தால்தான் இந்தப் பாலிசியில் சேரும். கோபத்தில் வேண்டுமென்றே அடித்து நொறுக்குவது கொஞ்சம் சிக்கல். தீய நோக்கத்தோடு செய்த சேதம் பட்டியலில் இருக்கிறது, ஆனால் போலீஸ் புகார் இல்லாமல் நிரூபிப்பது கஷ்டம். குடித்தனக்காரரே செய்தாலும் சேருமா என்று வாங்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். காலி செய்யமாட்டேன் என்று அவர் உட்கார்ந்துகொண்டால், அது தெளிவாகவே விலக்கு.

இதற்கெல்லாம் முன்பணம்தான் வழி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் (2017) வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகை வரை முன்பணம் வாங்க அனுமதிக்கிறது. உங்களுக்கு 36,000. சாவி கொடுக்கும் நாளில் வாஷ்பேசின், டைல்ஸ், ஒவ்வொரு மின்விசிறியையும் படம் எடுத்து, பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அது இல்லாமல் கழித்தால் சண்டையில்தான் முடியும்.

கடைசியாக, விண்ணப்பத்தில் ‘வாடகைக்கு விட்ட வீடு’ என்றே குறிப்பிடுங்கள். வீட்டுக் கடனோடு வங்கி ஒரு பாலிசி கொடுத்திருந்தால் அதன் ஷெட்யூலை எடுத்துப் பாருங்கள். சொந்தக் குடியிருப்பு என்று போட்டிருந்தால் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏஜென்டிடம், “வாடகை பாக்கிக்கும் தருவார்கள் என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள். அப்படி ஒரு சேர்க்கையை அந்த நிறுவனம் நிஜமாகவே விற்றால் அவர் பக்கத்தைக் காட்டுவார்.