கெட்டமினும் எல்எஸ்டியும்: கண் சொல்லும் வித்தியாசம்

கேள்வி: கெட்டமின், எல்எஸ்டி இரண்டுமே இல்லாததைக் காட்டும் என்கிறார்கள். அப்புறம் ஏன் இரண்டையும் தனித்தனி வகையாகச் சொல்கிறார்கள்?

மூளையில் இரண்டும் பிடிக்கும் இடம் வேறு. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வந்து ஒட்டும் 2ஏ ஏற்பியை எல்எஸ்டி தூண்டிவிடுகிறது. நிறம், ஒலி எல்லாம் பெருகி வரும். கெட்டமின் தூண்டுவதில்லை, அடைக்கிறது. குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்கான என்எம்டிஏ ஏற்பியின் துளைக்குள் தக்கை போல நுழைந்துகொள்ளும். அதனால் வலியும் சூழலும் மனதை எட்டாமல் அறுபட்டுப் போகும். மயக்க மருந்தாக அது பயன்படுவதும் இதனால்தான்.

அவசரப் பிரிவுக்கு ஒரு பையனைத் தூக்கி வருகிறார்கள் என்று வையுங்கள். கண் திறந்திருக்கிறது, ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. கிள்ளினாலும் முகம் சுளிக்கவில்லை. நாடித்துடிப்பு 120, ரத்த அழுத்தம் 160/100. கண்ணை உற்றுப் பார்த்தால் கருவிழி நிலைகொள்ளாமல் துடிக்கிறது. கெட்டமின்தான் முதல் சந்தேகம். எல்எஸ்டி என்றால் கண் பாப்பா அகலமாக விரிந்திருக்கும், ஆள் பயந்துபோயிருந்தாலும் பெரும்பாலும் பேசுவான், கிள்ளினால் கத்துவான்.

இரண்டுக்கும் முறிமருந்து கிடையாது. வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறை, மிகவும் திமிறினால் லோராசெபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து, அவ்வளவுதான். கெட்டமின் ஓரிரு மணி நேரத்தில் தெளியும், எல்எஸ்டி 8 முதல் 12 மணி நேரம் இழுக்கும். சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டுமே பெரும்பாலும் சிக்காது, அதை நம்பி உட்காரக் கூடாது.

கெட்டமின் தனியாக மூச்சை நிறுத்துவது அரிது. கூடவே மது அல்லது ஓபியம் வகை மருந்து போயிருந்தால் கதையே வேறு: மூச்சு மந்தமாகும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கலாம். ஆகவே ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.